தங்கச்சி கல்யாணத்துக்குச் சம்பளமில்லா லீவு: சவூதியில் கேட்டு வாங்கிய விதம்

சவூதியில் ஒப்பந்த வேலைக்குப் போனவருக்கு முதல் வருஷத்திலேயே ஊரில் கல்யாணம் வந்துவிட்டால், கேட்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. சொந்தக் கல்யாணத்துக்குச் சவூதித் தொழிலாளர் சட்டம் சம்பளத்தோடு 5 நாள் கொடுக்கிறது. குழந்தை பிறந்தால் 3 நாள். தங்கச்சி கல்யாணம், அண்ணன் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. வருஷ லீவு 21 நாள் உண்டு, ஆனால் அது ஒரு வருஷ வேலைக்குக் கிடைக்கிற லீவு. எட்டு, ஒன்பது மாதத்தில் நிற்கிறவருக்கு மிச்சமிருப்பது 116ஆவது பிரிவு சொல்கிற சம்பளமில்லா லீவு மட்டும்தான். அதையும் கம்பெனி சம்மதித்தால்தான் எடுக்க முடியும். முடியாது என்று சொல்லிவிட்டால் எந்த ஆபீசிலும் போய்ப் புகார் கொடுக்க முடியாது, ஏனென்றால் அது நம் உரிமை இல்லை. அதனால் எப்படிக் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டு வாங்கியதை முழுசாக எழுதுகிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்திலிருந்து இப்போது புதிதாகப் போயிருக்கிற பையன்களுக்கு உதவும்.

எனக்குக் குடியாத்தம். ஜுபைலில் பெட்ரோ கெமிக்கல் பிளான்ட்டுகளுக்கு மெயின்டனன்ஸ் ஆள் கொடுக்கிற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ரெண்டு வருஷ ஒப்பந்தம். டிசம்பரில் போய் இறங்கினேன். ஆனி மாதத்தில் வீட்டிலிருந்து போன். தங்கச்சிக்கு வரன் அமைந்துவிட்டது, மாப்பிள்ளை வீடு வாலாஜா, எல்லாம் பிடித்துவிட்டது, தேதிதான் பாக்கி. அப்பா இல்லை. தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவும் சித்தியும் இருக்கிறார்கள். மற்றபடி மண்டபம், சமையல்காரர், நகைக்கடைக் கணக்கு, சீர்வரிசை, சம்பந்தி வீட்டாரை வாசலில் நின்று கூப்பிடுவது எல்லாம் என் தலையில்.

மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் என்றார்கள். அம்மாவுக்கும் அதுதான் இஷ்டம். "தையில வெச்சா உனுக்கு ஒரு வருஷம் ஆயிடும், சம்பள லீவுலயே வந்துடலாமேடா" என்றார். கணக்குப்படி அது சரிதான். ஆனால் பிளான்ட் வேலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு காலண்டர் இருக்கிறது, அதுதான் ஷட்டவுன். பிளான்ட்டை நிறுத்திவிட்டு வால்வு, டிரான்ஸ்மிட்டர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிற அந்தச் சில வாரம் யாருக்கும் லீவு கிடையாது. ரெண்டு வருஷம் லீவு எடுக்காத பழைய ஆளுக்கே கிடையாது. வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களை விட்டுவிட்டுப் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் வைப்பார்கள். நான் அம்மாவிடம் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, எங்கள் சைட்டில் பிளானிங் பார்க்கிற மலையாளி அண்ணனிடம் போய்க் கேட்டேன். ஜனவரி நடுவில் ஆரம்பித்துப் பிப்ரவரி கடைசி வரை ஷட்டவுன் என்று சொன்னார். தை மாதம் முழுக்க அதற்குள் போய்விட்டது. மாசி, பங்குனிக்குத் தள்ள மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகாது. ஆகவே மீதியில் முதலில் வருகிற ஆவணி.

இங்கேதான் நான் அம்மாவிடம் பிடிவாதமாக ஒன்று சொன்னேன். ஜோசியரிடம் ஒரே முகூர்த்தம் குறிக்க வேண்டாம், ஆவணியில் மூன்று முகூர்த்தம் எழுதி வாங்குங்கள், மண்டபத்தில் மூன்றையும் விசாரித்து வையுங்கள், நான் இங்கே கம்பெனியில் பேசிவிட்டுச் சொல்கிறேன், அதுவரை பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று. "கம்பெனிக்காரனக் கேட்டா கல்யாணத் தேதி வெப்பாங்க?" என்று சித்தப்பாவுக்குக் கோபம். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் தேதி முடிவாகி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் அடித்த பிறகு போய்க் கேட்டால் ‘விடு, இல்லாவிட்டால் போகிறேன்’ என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். மூன்று தேதி கையில் இருந்தால் எந்த வாரம் வேலைக்கு இடைஞ்சல் குறைவோ அதை எடுத்துக்கொள்கிறேன் என்று பேசலாம். என் சூப்பர்வைசரிடம் மூன்றையும் காட்டினேன். ஒன்றை உடனே அடித்துவிட்டார், அந்த வாரம் ஒரு யூனிட்டில் அனலைசர் மாற்றுகிற வேலை இருந்தது. மீதி ரெண்டில் ஆகஸ்ட் 30 அவருக்கும் ஒத்துவந்தது, எங்களுக்கும் ஒத்துவந்தது. அவர் தேர்ந்தெடுத்த தேதி என்பதால் பின்னால் எச்.ஆரில் தடங்கல் வந்தபோது எனக்காக அவரே பேசினார்.

அடுத்தது எத்தனை நாள் கேட்பது. நாங்கள் தங்கியிருந்த முகாமில் எல்லோரும் ஒரு மாதம் கேள், அவன் இருபது நாள் கொடுப்பான் என்றார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. 116ஆவது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. சம்பளமில்லா லீவு 20 நாளைத் தாண்டினால், தாண்டுகிற நாட்களுக்கு ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கணக்கு, ரெண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய. நிறுத்தி வைத்த நாட்கள் சர்வீஸில் சேராது என்று கம்பெனி சொல்ல அதில் இடம் கிடைக்கும். அப்புறம் வருஷ லீவு வருகிற தேதி தள்ளும், கடைசியில் கிடைக்கிற சர்வீஸ் பணத்திலும் ஒரு துண்டு விழும். பணமாகப் பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் எச்.ஆருக்கு அது கூடுதல் எழுத்து வேலை, கூடுதல் யோசனை. 20க்குள் கேட்டால் சம்பளத்தைப் பிடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் பதினெட்டு நாள் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம், பின்னால் மறுவீடும் மண்டபக் கணக்கும் முடிக்க ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூட. இதற்குக் குறைந்தால் வேலை முடியாது, கூடினால் எனக்கே தேவையில்லை.

இதில் வெள்ளிக்கிழமையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நம் ஆட்கள் வார லீவைக் கழித்துவிட்டு எண்ணுவார்கள், எச்.ஆர் காலண்டர் நாளாக எண்ணுவார். ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 8 வரை, ரெண்டு நாளையும் சேர்த்து 18. என் சம்பளம் பேசிக் 1,800 ரியால், சாப்பாட்டுக் காசு 300. மொத்தம் 2,100ஐ 30 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 70 ரியால். 18 நாளுக்கு 1,260 ரியால் போய்விடும். ரெண்டு மாதச் சம்பளத்தில் பிரிந்து விழும் என்றாலும், அந்த மாதங்களில் ஓவர்டைமும் குறையும், விமான டிக்கெட்டும் நம் காசு. ஒப்பந்தப்படி கம்பெனி டிக்கெட் கொடுப்பது வருஷ லீவுக்குத்தான். ஊரில் மாதம் 10,000 ரூபாய் சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணச் செலவுக்காக எல்லோரும் கடன் புரட்டிக்கொண்டிருக்கும்போது சீட்டுத் தவணை தவறினால் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாது. அதனால் லீவு கேட்பதற்கு முன்பே ஆவணி, புரட்டாசித் தவணைகளை எடுத்து வைத்தேன். இந்தக் கணக்கைப் போடாமல் லீவு வாங்கிவிட்டு, திரும்பி வந்து மூன்று மாதம் கடனில் தவித்தவர்களை முகாமில் பார்த்திருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். லீவு கேட்கிறவர் மனதில் கல்யாணம் இருக்கும். கொடுக்கிறவர் மனதில் ஒரே கேள்விதான்: இவன் இல்லாத நாளில் இந்த வேலையை யார் பார்ப்பது? என் விஷயத்தில் அது இன்னும் கெட்டி. நான் டெக்னீஷியன் மட்டுமில்லை, எங்கள் குழுவுக்குப் பெர்மிட் ரிசீவரும் நான்தான். பிளான்ட்டுக்குள் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஆபரேஷன்காரர் கையெழுத்துப் போட்ட வேலைப் பெர்மிட் வேண்டும். அதை வாங்கிக் கையெழுத்துப் போடப் பரீட்சை எழுதி அட்டை வாங்கியவரால்தான் முடியும். அட்டைக்காரர் வராவிட்டால் குழுவில் அஞ்சு பேர் இருந்தாலும் அஞ்சு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி கேபினில் உட்கார வேண்டியதுதான். கிளையன்ட் அந்த நாளுக்குக் காசு கொடுக்க மாட்டார்.

நைட் ஷிப்டில் பேரணாம்பட்டு பாய் ஒருத்தர் இருந்தார், அவரிடமும் அந்த அட்டை உண்டு. அவரிடம் போய்ப் பேசினேன். "நம்ம ஊரு கல்யாணம், இதுக்குப் போயி கேக்கணுமா? நான் பகல் ஷிப்டுக்கு வர்றேன், நைட்டுக்கு வேற ஆளு இருக்கான். ஆனா என் அட்டை செப்டம்பர்ல முடியுதுப்பா, பாத்துக்க" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். செப்டம்பர் 3 தேதி போட்டிருந்தது. நான் லீவில் இருக்கும்போதே அது காலாவதி ஆகியிருக்கும். சேஃப்டி ஆபீசில் சொல்லி ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே அவருக்குப் புதுப்பிக்கிற பரீட்சைக்குப் பெயர் போட வைத்தோம். அவர் பாஸ் பண்ணி அட்டை கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பம் எழுதினேன். மாற்று ஆள் இருக்கிறார் என்று எழுதுவது சுலபம். அந்த ஆளின் அட்டை, கேட் பாஸ், ரெண்டும் நம் லீவு முடிகிற நாள் வரை செல்லுமா என்று பார்த்துவிட்டு எழுதினால்தான் அந்த வரிக்கு மதிப்பு. டிரைவராக இருந்தால் லைசென்ஸ், கிரேன் ஆபரேட்டராக இருந்தால் மூன்றாம் தரப்புச் சான்று, வேலைக்கு வேலை மாறும்.

விண்ணப்பத்தில் பொய் எழுதுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "அம்மாவுக்கு சீரியஸ்னு எழுது நைனா, உடனே உடுவான், கல்யாணம்னா உட மாட்டான்" என்று எனக்குப் பலர் யோசனை சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். வேலூர் என்றாலே பெரிய ஆஸ்பத்திரி ஊர் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எந்த வார்டு, ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால் என்ன கொடுப்பது? அதற்கு மேல், நாளைக்கு அம்மாவுக்கு நிஜமாகவே முடியாமல் போனால் அன்றைக்கு எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கல்யாணத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பத்திரிகை இருக்கிறது, தேதி இருக்கிறது, மண்டப ரசீது இருக்கிறது. எல்லாமே காகிதத்தில் காட்டக்கூடியவை.

கடிதத்தை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் கொடுத்தேன். தமிழில் அதன் உடல் இதுதான்:

"ஐயா, என் தங்கையின் திருமணம் ஆகஸ்ட் 30 அன்று தமிழ்நாட்டில் வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் நடைபெறுகிறது. எங்கள் தந்தை காலமாகிவிட்டார். மூத்த மகன் என்பதால் மணப்பெண் வீட்டுப் பொறுப்பு என்னுடையது. இதற்காக ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 8 வரை, இரு நாட்களும் உட்பட 18 காலண்டர் நாட்கள், தொழிலாளர் சட்டம் 116ஆவது பிரிவின்படி சம்பளமில்லா விடுப்பு வேண்டுகிறேன். ஆகஸ்ட் 21 பகல் ஷிப்ட் முடித்துவிட்டுப் புறப்படுவேன். செப்டம்பர் 9 பகல் ஷிப்டுக்கு வேலையில் இருப்பேன். இந்த நாட்களில் பெர்மிட் ரிசீவர் பொறுப்பை நைட் ஷிப்டில் இருக்கும் இன்னார் ஏற்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருடைய அட்டை புதுப்பிக்கப்பட்டுவிட்டது, நகல் இணைத்துள்ளேன். போகவர விமான டிக்கெட் செலவு என்னுடையது. இந்த விடுப்பு என் ஒப்பந்தத்தின் மற்ற விதிகளையும் வருடாந்தர விடுப்பையும் பாதிக்காது என்று உறுதி செய்து, எழுத்தில் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கீழே பணியாள் எண், அங்கே தங்குவதற்கான அட்டையான இக்காமாவின் எண், ஊரில் பேச வேண்டிய போன் எண். கூடவே பத்திரிகையின் நகல், அதன் மேல் மணமகள் பெயர், தேதி, இடம் மட்டும் ஆங்கிலத்தில் பேனாவால் எழுதியது, என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கிற பக்கத்தின் நகல். பத்திரிகையில் தங்கச்சி பெயருக்கு மேல் இருக்கிற அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பதும் ஒன்று என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கெஞ்சுகிற வரி ஒன்றும் வைக்கவில்லை. டிக்கெட் என் செலவு என்று எழுதினேன், ஊருக்குப் போய்த் திரும்ப நுழைவதற்கான எக்ஸிட் ரீ என்ட்ரி விசாக் கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று எழுதவில்லை. அந்தக் கட்டணத்தை 40ஆவது பிரிவு கம்பெனிப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. நாமாகப் போய் நம் தலையில் எழுதிக்கொள்ளக் கூடாது.

சூப்பர்வைசர் கையெழுத்தோடு எச்.ஆருக்குப் போனது. அங்கே இருந்த எகிப்துக்காரர் மரியாதையானவர், ஆனால் கம்பெனி வழக்கம் என்று ரெண்டு விஷயம் சொன்னார். ஒன்று, முதல் வருஷ ஆளுக்குப் பத்து நாளுக்கு மேல் கொடுப்பதில்லை. ரெண்டு, நான் திரும்பி வருவதற்கு முகாம் ஆட்கள் ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

பத்து நாள் என்றதும் நான் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு தாளில் பதினெட்டு நாளையும் எழுதிக் காட்டினேன். போக வர ரெண்டு நாள், ஆகஸ்ட் 24 வரை நகை வாங்குவது, அப்புறம் பந்தக்கால், நலங்கு, 29 மாலை வரவேற்பு, 30 முகூர்த்தம், மூன்றாம் நாள் மறுவீடு, பிறகு கடன் கணக்குகள். இதில் எந்தப் பத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கூடவே சூப்பர்வைசர் போன் போட்டு, இவன் குளிர்காலத்தில் லீவு கேட்டால்தான் எனக்குத் தலைவலி, இப்போது போய் வந்துவிட்டால் ஷட்டவுனுக்கு முழுசாக இருப்பான் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வேலை செய்தது. உண்மையும் அதுதான். முதல் வருஷம் முடிந்ததும் எனக்கு வருஷ லீவு வந்துவிடும், அதை ஷட்டவுன் முடிந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

ஜாமீன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கவில்லை. ஒருத்தர் திரும்பி வராவிட்டால் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் பிடிப்போம் என்று அந்தப் படிவத்தில் இருந்தது. அப்படிப்பட்ட தாளில் நண்பர்களைக் கையெழுத்துப் போட வைப்பது நியாயமில்லை. அவர்களுக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது. அதற்குப் பதிலாகத் திரும்பி வருகிற டிக்கெட்டின் நகலைத் தருகிறேன், ஜூலை சம்பளத்தை நான் போய் வந்த பிறகு கொடுங்கள் என்று வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். சம்பளத்தை நிறுத்தி வைப்பதை அவர்களே விரும்பவில்லை, சம்பளம் பேங்கில் ஏறுவதை அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. டிக்கெட் நகல் போதும் என்றார்கள்.

அனுமதி வாய்வார்த்தையாக வந்தது. எழுத்தில் வரும்வரை நான் டிக்கெட்டுக்குப் பணம் கட்டவில்லை. இதற்குக் காரணம் எங்கள் முகாமில் அரக்கோணம் பக்கத்து நண்பர் ஒருவருக்கு நடந்தது. அவருக்கு அனுமதித்த லீவு 15 நாள். விசா 30 நாளுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். தாளில் 30 நாள் என்று பார்த்ததும் முப்பது நாள் லீவு கிடைத்தது என்றே அவர் நினைத்துக்கொண்டார். 28 நாள் கழித்து வந்து இறங்கினார். கம்பெனிக் கணக்கில் 13 நாள் சொல்லாமல் நின்றதாக ஆகியிருந்தது, பத்து நாள் தாண்டியதுமே எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியிருந்தார்கள். அங்கத்திய சட்டத்தில் 80ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் வராமல் இருந்தால், எழுத்தில் எச்சரித்த பிறகு, சர்வீஸ் பணம்கூடக் கொடுக்காமல் வேலையை விட்டு எடுக்கலாம். இன்னும் மூன்று நாள் தாமதித்திருந்தால் அவருடைய நாலு வருஷ சர்வீஸ் பணம் போயிருக்கும்.

விசாவில் இருக்கிற நாள் நாட்டுக்குள் திரும்ப நுழைய அரசாங்கம் கொடுக்கிற கெடு. லீவு என்பது கம்பெனி கொடுப்பது. ரெண்டும் வெவ்வேறு. 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு எக்ஸிட் ரீ என்ட்ரியைத் தொழிலாளியே அப்ஷர் என்ற அரசாங்க இணையதளம் வழியாகக் கேட்டுக்கொள்ள வழி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் லீவு அனுமதி இல்லாமலே கிளம்பிப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. விமானம் ஏற முடியும். ஆனால் போன நாளிலிருந்து ஆப்சென்ட். அதனால் எழுத்தில் ஒரு அனுமதி, அதில் லீவு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சம்பளமில்லா லீவு என்ற வார்த்தை, கொடுத்தவர் பெயர், இந்த நான்கும் இருக்க வேண்டும். எனக்கு ஈமெயிலில் வந்தது. அதைப் பிரின்ட் எடுத்து ஒன்று பெட்டியிலும் ஒன்று சூப்பர்வைசரிடமும் வைத்தேன். சில கம்பெனி லீவுப் படிவத்தில் வருஷ லீவு, அவசர லீவு, சம்பளமில்லா லீவு, ஃபைனல் எக்ஸிட் எல்லாம் ஒரே தாளில் கட்டம் கட்டமாக இருக்கும். எதில் டிக் விழுந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

லீவு 18 நாள்தான் என்றாலும் விசாவை 60 நாளுக்குப் போடச் சொல்லிக் கேட்டேன். ஒரு தடவை போய்வருகிற விசாவுக்கு ரெண்டு மாதம் வரை ஒரே கட்டணம், 200 ரியால். 20 நாளுக்குப் போட்டாலும் அதே 200. ஃபிளைட் ரத்தானாலோ காய்ச்சல் வந்தாலோ விசா முடிந்துபோகுமே என்ற பயம் இருக்காது. லீவை நீட்டக் கேட்பது வேறு விஷயம், அதற்குத் தனியாக எழுத வேண்டும். விசாத் தாள் கைக்கு வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், திரும்ப வேண்டிய கெடு மூன்றையும் சரிபார்த்தேன். இக்காமா நாம் திரும்பி வருகிற நாளுக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டும், பாஸ்போர்ட் குறைந்தது 90 நாளாவது செல்ல வேண்டும். பாஸ்போர்ட் முடிகிற நிலையில் இருந்தால் லீவுப் பேச்சை எடுப்பதற்கு முன்பே தூதரக வேலையை முடித்துவிட வேண்டும்.

டிக்கெட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிற விமானங்கள் காலி, திரும்பிப் போகிற விமானங்கள் நெரிசல். அங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், குடும்பங்கள் எல்லாம் திரும்பிக்கொண்டிருக்கும். வருகிற டிக்கெட்டை மட்டும் மலிவாக எடுத்துவிட்டு, போகிற டிக்கெட்டை ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் விலை கழுத்தைப் பிடிக்கும். போகவர ஒன்றாக எடுத்தேன், பஹ்ரைன் வழியாகச் சென்னை. குடியாத்தத்துக்குப் பெங்களூரும் ஒத்துவரும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இன்னும் நன்றாகவே ஒத்துவரும். ரெண்டு ஊருக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

திரும்புகிற விமானத்தை செப்டம்பர் 7க்குப் போட்டேன், லீவு 8 வரை இருந்தும். அந்த ஒரு நாளை அம்மாவுக்கு விளங்கவைக்கக் கஷ்டமாக இருந்தது. "ஒரு நாளு இருந்துட்டுப் போனா இன்னாடா?" என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். ஆனால் 8ஆம் தேதி விமானம் தாமதமானால் 9ஆம் தேதி ஷிப்டுக்கு ஆள் இல்லை, பாய்க்குக் கொடுத்த வார்த்தையும் போச்சு, சூப்பர்வைசருக்குக் கொடுத்த வார்த்தையும் போச்சு. கல்யாணம் நன்றாக நடந்தது. வாலாஜாவிலிருந்து ரெண்டு பஸ்ஸில் வந்தார்கள், மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் நான்தான் போட்டேன். அவ்வளவு போதும் எனக்கு.

வேலைக்குத் திரும்பிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டியூட்டி ரெசம்ப்ஷன் என்று ஒரு படிவம். வேலையில் மறுபடி சேர்ந்த தேதியைச் சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்துப் போட்டு எச்.ஆருக்கு அனுப்ப வேண்டும். அது போகாதவரை கணினியில் நாம் இன்னும் லீவில்தான் இருப்போம், சம்பளம் ஓடாது. 9ஆம் தேதி காலை பெர்மிட் வாங்கப் போவதற்கு முன்னால் அதை முடித்துவிட்டுத்தான் போனேன்.

அப்படியும் சம்பளச் சீட்டில் பதினெட்டுக்குப் பதிலாக இருபது நாள் பிடித்திருந்தார்கள். டைம்கீப்பர் நான் கிளம்பிய 21ஐயும் சேர்ந்த 9ஐயும் லீவாகப் போட்டுவிட்டார். ரெண்டு நாள், 140 ரியால். கோபப்பட ஒன்றுமில்லை, காகிதம்தான் வேண்டும். 21ஆம் தேதி பகல் ஷிப்டில் நான் கையெழுத்துப் போட்ட டைம் ஷீட்டைக் கிளம்புவதற்கு முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். 9ஆம் தேதிக்கு ரெசம்ப்ஷன் படிவம். அனுமதி ஈமெயிலோடு மூன்றையும் இணைத்து அனுப்பினேன், அடுத்த மாதச் சம்பளத்தில் 140 ரியால் வந்து சேர்ந்தது. கூடவே வருஷ லீவு எந்தத் தேதியில் வருகிறது என்று எழுதிக் கேட்டேன். நான் சேர்ந்த டிசம்பர் தேதியிலேயே, ஒரு நாளும் தள்ளாமல், என்று பதில் வந்தது.